இசிஜி முன்பகுதி: நாமே கட்டலாமா, AD620 வாங்கலாமா, AD8232 போர்டு போதுமா?

டிசம்பர் தாண்டியதும் கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பயோமெடிக்கல் இறுதியாண்டு மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "சார், இசிஜிக்கு AD620 வாங்கலாங்களா, இல்ல அந்த AD8232 போர்டே போதுங்களா? மூணு ஆப்-ஆம்ப் வெச்சு நாங்களே பண்ணுனா வைவாவுல மதிப்பு கூடுங்களா?" கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே எதையோ பிரெட்போர்டில் கட்டிவிட்டு, இதயத் துடிப்பு வர வேண்டிய இடத்தில் தடித்த 50 ஹெர்ட்ஸ் பட்டையைப் பார்த்தவர்கள். சிப்பை மாற்றினால் பட்டை போய்விடும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். பெரும்பாலும் போகாது. அது ஏன் என்று முதலில் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். அது தெரிந்த பிறகு எதை வாங்குவது என்ற முடிவு சுலபமாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, எலக்ட்ரோடு, கம்பி, உடம்பு எல்லாம் சேர்ந்த பிறகு திரையில் எவ்வளவு 50 ஹெர்ட்ஸ் மிஞ்சுகிறது என்பது. டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் சிஎம்ஆர்ஆர் வேறு, இது வேறு. இசிஜியில் ஆர் அலை சுமார் 1 மில்லிவோல்ட், பி அலை அதில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் கொஞ்சம் அதிகம். பி அலை தெரிய வேண்டுமென்றால் மிச்ச இரைச்சல் பத்து, இருபது மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்க வேண்டும்.

இரண்டு, எலக்ட்ரோடு தானாக உண்டாக்கும் நேர்மின்னழுத்தத்தைத் தாங்குமா என்பது. இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையில் 300 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் வரலாம் என்று வைத்துத்தான் இசிஜி கருவிகளை வடிவமைக்கிறார்கள். முதல் கட்டத்திலேயே ஆயிரம் மடங்கு பெருக்கினால் வெளியீடு பேட்டரி மின்னழுத்தத்தில் போய் முட்டி நின்றுவிடும். திரையில் வெறும் நேர்கோடுதான்.

மூன்று, வைவாவில் உள்ளே திறந்து காட்டி அளக்க முடிகிறதா என்பது. நான்கு, விலையில் தெரியாத செலவு: ஆகும் நேரம், போலிச் சிப், ஒத்துவராத கம்பி.

பாதுகாப்பை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அது மூன்று வழிக்கும் பொதுவான நிபந்தனை. ஆள் மேல் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது சுற்று பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. வலது கால் எலக்ட்ரோடுக்குப் போகும் பாதையில் தொடராக ஒரு மின்தடை கட்டாயம். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சுற்றுக்கு 220 கிலோஓம் போட்டால், ஆப்-ஆம்ப் பழுதாகி முழு 9 வோல்ட்டையும் தள்ளினாலும் உடம்பில் போவது சுமார் 41 மைக்ரோஆம்பியர்தான்.

## முதலில் ஒரு கணக்கு

ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்கும் சுவரில் ஓடும் 230 வோல்ட் வயருக்கும் இடையில் சில பிகோஃபாரட் கொள்ளளவு தானாகவே இருக்கும். 7 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.5 மைக்ரோஆம்பியர் உடம்புக்குள் வருகிறது. அது பூமிக்குப் போக வேண்டும். பூமி இணைப்புள்ள ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை உங்கள் சுற்றில் மாட்டியிருந்தால், போகும் வழி வலது கால் எலக்ட்ரோடுதான். தோலும் எலக்ட்ரோடும் சேர்ந்து 50 கிலோஓம், அதோடு பாதுகாப்புக்குப் போட்ட 220 கிலோஓம்:

```
Vcm = 0.5 µA × (50 kΩ + 220 kΩ) = 135 mV
```

உடம்பு முழுக்க 135 மில்லிவோல்ட் 50 ஹெர்ட்ஸ். இதுதான் காமன் மோட் மின்னழுத்தம். (இங்கே வரும் எல்லாமே ஆர்எம்எஸ் கணக்கு. திரையில் மேலிருந்து கீழ் வரை அளந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு தெரியும்.) சிஎம்ஆர்ஆர் 100 டெசிபல் உள்ள சிப் இதை லட்சத்தில் ஒரு பங்காக்கும். மிஞ்சுவது 1.35 மைக்ரோவோல்ட். இதைப் பார்த்துத்தான் பலர் AD620 வாங்குகிறார்கள்.

ஆனால் இரண்டு கை எலக்ட்ரோடுகளின் தோல் தொடர்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று 30 கிலோஓம், இன்னொன்று 50 கிலோஓம் என்றால் வித்தியாசம் 20 கிலோஓம். கவசக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 2 மீட்டர் கம்பி போட்டால் 200 பிகோஃபாரட், அதாவது 50 ஹெர்ட்ஸில் சுமார் 16 மெகாஓம். ஒவ்வொரு உள்ளீட்டிலும் தோல் தடையும் இந்த 16 மெகாஓமும் சேர்ந்து ஒரு மின்னழுத்தப் பகிர்வானாகிவிடுகின்றன. இரண்டும் சமமில்லாததால் காமன் மோட்டில் ஒரு பங்கு உண்மையான வித்தியாசச் சிக்னலாக மாறி உள்ளே போகிறது:

```
135 mV × 20 kΩ / 16 MΩ ≈ 170 µV
```

இந்த 170 மைக்ரோவோல்ட் சிப்புக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே உருவாகிவிட்டது. சிப்புக்கு இது இசிஜி மாதிரியேதான் தெரியும், அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிப்பாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. பி அலை இதற்குள் மூழ்கிவிடும்.

அப்படியானால் குறைக்க வேண்டியது அந்த 135 மில்லிவோல்ட்டைத்தான். அதற்கு வழி வலது கால் டிரைவ். காமன் மோட்டை எடுத்து, தலைகீழாக்கி, 39 மடங்கு பெருக்கி, வலது காலுக்கே திருப்பி அனுப்பினால் அந்தப் பாதையின் தடை நாற்பதில் ஒரு பங்கு போல நடந்துகொள்ளும். 135 மில்லிவோல்ட் 3.4 மில்லிவோல்ட்டாகும். சமமின்மையால் வரும் 170 மைக்ரோவோல்ட் 4 ஆக இறங்கிவிடும். விண்டரும் வெப்ஸ்டரும் 1983-இல் இந்தச் சுற்றின் வடிவமைப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு சுற்றின் கிரவுண்டு பூமியோடு இணைந்திருக்கும் மோசமான நிலைக்கு. முழுக்கப் பேட்டரியில் மிதக்கும் சுற்றில் அந்த மின்னோட்டத்தில் சிறு பங்குதான் வலது கால் வழியாகப் போகும், அதனால் இரைச்சல் குறையும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அலை பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுதான். இரண்டு முள் சார்ஜர் இன்னும் மோசம். அதற்குள் இருக்கும் கொள்ளளவு வழியாக மெயின்ஸ் மின்னோட்டம் நேராக உங்கள் கிரவுண்டுக்கே வருகிறது.

## வழி 1: மூன்று ஆப்-ஆம்ப், நாமே கட்டுவது

TL084 ஒன்றில் நான்கு ஆப்-ஆம்ப் இருக்கும். இரண்டு உள்ளீட்டுக்கு, ஒன்று வித்தியாசம் எடுக்க, நான்காவது வலது கால் டிரைவுக்கு. உள்ளீட்டு ஆம்ப்ளிஃபயர் இரண்டின் வெளியீட்டிலிருந்தும் ஆளுக்கொரு 20 கிலோஓம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தால் காமன் மோட் கிடைத்துவிடும். பின்னூட்டத்துக்கு 390 கிலோஓம் போட்டால் மேலே சொன்ன 39 மடங்கு. பாகங்களின் விலை மூன்று வழிகளிலும் மிகக் குறைவு, கோவையிலேயே எல்லாம் கிடைக்கும்.

பலவீனம் வித்தியாசக் கட்டத்தின் நான்கு மின்தடைகளில் இருக்கிறது. 1 சதவீத மின்தடைகள் எல்லாமே எதிரெதிர்ப் பக்கம் பிசகினால் அந்தக் கட்டத்தின் சிஎம்ஆர்ஆர் வெறும் 50 மடங்கு, அதாவது 34 டெசிபல். முதல் கட்டத்தில் 10 மடங்கு பெருக்கம் இருந்தால் மொத்தம் 54 டெசிபல், ஏறக்குறைய 500 மடங்கு. வலது கால் டிரைவ் இல்லாமல் இதைப் போட்டால் சிப்பினால் மட்டும் 270 மைக்ரோவோல்ட், சமமின்மையால் 170. இரண்டும் சேர்ந்தால் படமே தெரியாது. டிரைவ் போட்டால் 7 மைக்ரோவோல்ட்டும் 4 மைக்ரோவோல்ட்டும். நாற்பது, ஐம்பது ரூபாய் பாகங்களில் பி அலை தெரியும் இசிஜி வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். அந்த நான்கில் கிரவுண்டுக்குப் போகும் 10 கிலோஓம் மின்தடைக்குப் பதிலாக 9.1 கிலோஓமும் 2 கிலோஓம் ட்ரிம்பாட்டும் தொடராகப் போட்டுச் சரிசெய்தால் 80 டெசிபலைத் தொடலாம். ஆனால் பிரெட்போர்டில் ஒரு தொடர்பு தளர்ந்தால் அந்தச் சரிசெய்தல் வீண். இந்த வழியில் போகிறவர்கள் முதல் ரிவ்யூ முடிந்ததும் ஜீரோ போர்டில் சாலிடர் பண்ணிவிடுவது நல்லது.

## வழி 2: AD620 அல்லது INA128

இவற்றுக்குள் இருக்கும் மின்தடைகளைத் தொழிற்சாலையிலேயே லேசரில் செதுக்கிப் பொருத்தியிருப்பார்கள். வெளியே ஒரே ஒரு மின்தடைதான் பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது:

```
AD620:  G = 1 + 49.4 kΩ / RG
INA128: G = 1 + 50 kΩ / RG
```

இங்கேதான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 1 மில்லிவோல்ட்டை 1 வோல்ட்டாக்க வேண்டும் என்று RG-க்கு 50 ஓம் போட்டு ஒரே அடியில் ஆயிரம் மடங்கு வைக்கிறார்கள். எலக்ட்ரோடில் வெறும் 20 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் இருந்தாலே வெளியீடு 20 வோல்ட்டுக்குப் போகப் பார்க்கும், பேட்டரி 9 வோல்ட்டில் நிறுத்திவிடும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியீட்டை மல்டிமீட்டரில் டிசியில் அளந்து பாருங்கள். 7, 8 வோல்ட்டில் அசையாமல் நின்றால் சிப் கெடவில்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் கட்டத்தில் 10 மடங்கு போதும். 300 மில்லிவோல்ட் வந்தாலும் 3 வோல்ட்தான். அதன் பிறகு 1 மைக்ரோஃபாரட், 3.3 மெகாஓம் கொண்ட ஹைபாஸ் வைத்து (வெட்டு 0.05 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும்) நேர்மின்னழுத்தத்தைக் கழித்துவிட்டு, அடுத்த ஆப்-ஆம்ப்பில் நூறு மடங்கு பெருக்கலாம்.

RG-ஐ ஒரே மின்தடையாகப் போடாமல் இரண்டு 2.8 கிலோஓமாகப் போட்டால் நடுப்புள்ளியில் காமன் மோட் கிடைக்கும், வலது கால் டிரைவை அங்கிருந்து எடுக்கலாம். INA128 டேட்டாஷீட்டில் இருக்கும் இசிஜி படமே இதுதான். அந்தப் படத்தை அப்படியே எடுக்கும் அணிகள்கூட "சிப்தான் நல்ல சிப் ஆச்சே" என்று டிரைவ் பகுதியை மட்டும் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். மேலே போட்ட கணக்கின்படி, அந்த அணிக்கு 170 மைக்ரோவோல்ட் அப்படியே மிஞ்சும். டிரைவ் போட்டு நாமே கட்டிய சுற்றில் 11 தான்.

இங்கே மறைந்திருக்கும் செலவு போலிச் சிப். சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வந்தாலும் இணையத்தில் வாங்கினாலும் வந்ததும் சோதியுங்கள். பெருக்கம் 10-இல் வைத்து, இரண்டு உள்ளீட்டையும் சேர்த்துக் கட்டி, ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 1 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கொடுங்கள். 100 டெசிபல் உள்ள சிப்பில் வெளியீடு 0.1 மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும், ஸ்கோப்பில் வெறும் கோடாகத்தான் தெரியும். பத்து, இருபது மில்லிவோல்ட் தெரிந்தால் சிப்பைச் சந்தேகப்படலாம்.

## வழி 3: AD8232 போர்டு

இதய சிக்னலுக்கென்றே செய்த சிப் இது. நூறு மடங்கு பெருக்கம் உள்ளேயே இருக்கிறது, 300 மில்லிவோல்ட் எலக்ட்ரோடு மின்னழுத்தத்தைத் தாங்குகிறது, வலது கால் டிரைவ் சேர்ந்தே வருகிறது, எலக்ட்ரோடு கழன்றால் LO+, LO- காலில் தகவல் வரும். சிஎம்ஆர்ஆர் 80 டெசிபல். AD620-ஐவிடக் குறைவுதான், ஆனால் டிரைவ் வேலை செய்யும்போது அந்த 20 டெசிபல் வித்தியாசத்தால் வருவது அரை மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. ஒரே மாலையில் திரையில் துடிப்பு வந்துவிடும்.

குறைகள் இரண்டு. பரவலாகக் கிடைக்கும் சிவப்பு நிற போர்டின் ஃபில்டர் சுமார் 0.5-இலிருந்து 40 ஹெர்ட்ஸ் வரைதான். துடிப்பு எண்ணவும் ஆர்-ஆர் இடைவெளி பார்க்கவும் இது நன்றாகப் போதும். எஸ்டி பகுதி உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று சொல்லும் திட்டத்துக்கு ஆகாது, 0.5 ஹெர்ட்ஸ் ஹைபாஸே எஸ்டி பகுதியை வளைத்துக் காட்டிவிடும். இரண்டாவது, வைவாவில் "உங்கள் பெருக்கம் எங்கே தீர்மானமாகிறது, காட்டுங்கள்" என்றால் காட்ட ஒன்றுமிருக்காது.

சின்ன விஷயம், ஆனால் நேரத்தைத் தின்னும்: கூடவே வரும் கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பியில் சிவப்பு வலது கை, இன்னொன்றில் சிவப்பு வலது கால். பிளக்கின் ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஸ்னாப் வரை மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்துக் காகிதத்தில் குறித்து ஒட்டிவிடுங்கள். அப்புறம், சிப்பின் உச்ச மின்வழங்கல் 3.5 வோல்ட். ஆர்டுயினோவின் 5 வோல்ட் காலில் செருகக் கூடாது.

ADS1292R பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 24 பிட் ஏடிசியோடு இரண்டு சேனல், நல்ல சிப். ஆனால் எஸ்பிஐ வழியாக ரெஜிஸ்டர்களை எழுதிச் சரிபார்ப்பதிலேயே செமஸ்டரில் பாதி போய்விடும். அணியில் ஃபர்ம்வேர் எழுதப் பிடித்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

| | மூன்று ஆப்-ஆம்ப் (1%) | AD620 / INA128 | AD8232 போர்டு |
|---|---|---|---|
| சிஎம்ஆர்ஆர், ஏறக்குறைய | 54 டெசிபல் | 100 டெசிபல் | 80 டெசிபல் |
| டிரைவ் இல்லாமல் மிஞ்சும் 50 ஹெர்ட்ஸ் | 440 மைக்ரோவோல்ட் | 170 மைக்ரோவோல்ட் | 185 மைக்ரோவோல்ட் |
| நாற்பது மடங்கு டிரைவோடு | 11 மைக்ரோவோல்ட் | 4 மைக்ரோவோல்ட் | 5 மைக்ரோவோல்ட் |
| அதிர்வெண் எல்லை | நம் கையில் | நம் கையில் | போர்டு தீர்மானித்தது |
| மறைந்த செலவு | சரிசெய்யும் நேரம் | போலிச் சிப் | வைவாவில் காட்ட இடமில்லை |

## எலக்ட்ரோடு எங்கே: மணிக்கட்டா, மார்பா

இந்தத் தேர்வு சிப் தேர்வைவிடப் படத்தை அதிகம் மாற்றும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒட்டுவது சுலபம், சட்டையைத் தொட வேண்டியதில்லை, பாடப்புத்தகப் படத்தோடும் பொருந்தும். ஆனால் கையை லேசாக இறுக்கினாலே தசைச் சிக்னல் நடுங்கி வரும், கம்பிகளும் விரிந்து பெரிய வளையமாகிவிடும்.

வளையம் பெரிதானால் காந்தப்புலம் உள்ளே வரும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டிலோ, மோட்டார்கள் ஓடும் மெஷின்ஸ் லேபுக்கு அடுத்த அறையிலோ சோதிப்பவர்களுக்கு இது முக்கியம். 1 மைக்ரோடெஸ்லா புலத்தில் 0.1 சதுர மீட்டர் வளையம் இருந்தால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 31 மைக்ரோவோல்ட் வரும். இது வித்தியாசச் சிக்னலாகவே வருவதால் சிஎம்ஆர்ஆரும் தடுக்காது, வலது கால் டிரைவும் தடுக்காது. கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி உடம்போடு ஒட்டினாற்போல் கொண்டுவருவதுதான் வழி. கம்பியைக் கையால் நகர்த்தும்போது இரைச்சல் ஏறி இறங்கினால் சிப்பைத் தொடாமல் முதலில் கம்பியைக் கவனியுங்கள்.

உடற்பயிற்சி இசிஜிக்காக மேசனும் லைக்கரும் 1966-இல் சொன்னபடி கை, கால் எலக்ட்ரோடுகளை மார்புக்கும் வயிற்றுக்கும் கொண்டுவரலாம். வலது கை எலக்ட்ரோடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது விலாவின் கீழ்ப்பகுதியில், வலது கால் எலக்ட்ரோடு வயிற்றின் வலது கீழ்ப்பக்கம். AD8232 போர்டின் LA கம்பியை இடது விலாவுக்குக் கீழே வைத்தால் கிடைப்பது லீட் 2-ஐ ஒத்த படம், பெரும்பாலானவர்களுக்கு லீட் 1-ஐவிட ஆர் அலை உயரமாக இருக்கும். மாணவிகள் ஒரு தோழியின் உதவியோடு தாங்களே ஒட்டிக்கொள்ள வசதியான இடங்கள்தான் இவை. மூச்சு இழுக்கும்போது அடிக்கோடு மெதுவாக ஏறி இறங்கும், அது இந்த இடத்துக்கான விலை.

எங்கே ஒட்டினாலும் தோலைத் தயார் செய்யாவிட்டால் அந்த 20 கிலோஓம் வித்தியாசம் ஐம்பது, நூறு என்று ஏறும். நம் ஊரில் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி, பவுடர் போட்டு வருபவர்கள் அதிகம். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, சொரசொரப்பான காஸ் துணியால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். வித்தியாசம் 5 கிலோஓமுக்கு வந்தால் இரைச்சலும் நான்கில் ஒரு பங்காகும். எலக்ட்ரோடு பாக்கெட்டைப் பிரித்து ஒரு மாதம் மேசையில் போட்டிருந்தால் ஜெல் காய்ந்துவிடும், அவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு எலக்ட்ரோடை விரலால் அழுத்தும்போது மட்டும் பட்டை மெலிந்தால் குற்றவாளி அந்த எலக்ட்ரோடுதான்.

நாட்ச் ஃபில்டரை இந்த ஒப்பீட்டில் தனி வழியாகச் சேர்க்கவில்லை. 5 சதவீதக் கண்டன்சர்களில் கட்டிய ட்வின்-டி நாட்ச் 50-க்குப் பதிலாக 47-இலோ 53-இலோ போய் உட்காரும். சரியாக உட்கார்ந்தாலும் க்யூஆர்எஸ்ஸுக்குப் பின்னால் சின்ன அலையைச் சேர்த்துவிடும். மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகு மிஞ்சும் கொஞ்சத்துக்கு மென்பொருளில் ஒரு நாட்ச் போதும்.

## யாருக்கு எது

உங்கள் திட்டத்தின் மையம் துடிப்பை வைத்துச் செய்யும் வேலை, அதாவது ஓட்டுநர் அயர்வு, ஐஓடி, வகைப்படுத்தும் அல்காரிதம் என்றால் AD8232 எடுங்கள். முன்பகுதியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எஸ்டி பகுதியோ முழு 0.05–150 ஹெர்ட்ஸ் எல்லையோ தேவை என்றால் INA128 அல்லது AD620, முதல் கட்டத்தில் 10 மடங்கு, வலது கால் டிரைவோடு.

முன்பகுதியே உங்கள் தலைப்பு என்றால் என் வாக்கு வழி 1-க்கு. பக்கத்தில் ஒரு INA128-உம் கட்டி வையுங்கள். வைவாவில் இரண்டு உள்ளீட்டுக்கும் 2 மீட்டர் கவசக் கம்பி வழியாக 1 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கொடுத்து இரண்டின் வெளியீட்டையும் காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கம்பியின் முனையில் 22 கிலோஓம் மின்தடையைச் செருகுங்கள். பெருக்கம் 10-இல் INA128-இன் வெளியீடும் 14 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். தேர்வாளர் அடுத்துக் கேட்கப் போவது வலது கால் டிரைவைப் பற்றித்தான், அதற்கான சுற்று உங்கள் போர்டிலேயே இருக்கும்.